தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள்: வாடகைக்கு இருப்பவர் எந்த வாசலில் புகார் கொடுப்பது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வருமானம் நின்று வாடகை பாக்கி விழும் மாதங்கள் இவைதான். மனு எழுதிக் கொடுக்கும் என் மேசைக்கு ஒரே மாதிரியான கேள்வி அதிகம் வருவதும் இந்த நாட்களில்தான்: "பத்து நாளில் காலி செய் என்றார் வீட்டு உரிமையாளர். நாங்கள் நகரவில்லை. மோட்டாரைப் போடுவதை நிறுத்திவிட்டார், நேற்று இரவு கரண்டும் போய்விட்டது. போலீசுக்குப் போவதா, ஆர்.டி.ஓ. அலுவலகமா, கோர்ட்டா, மின்வாரியமா?"

நான்கு இடத்துக்கும் போகலாம். ஆனால் தவறான இடத்தில் தொடங்கினால் நான்கைந்து நாள் வீணாகும். உள்நாட்டில் இருப்பவர் அந்த நாட்களில் கிணற்றில் இறைத்துச் சமாளிப்பார். இங்கே கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். காவிரிக் குழாய்த் தண்ணீர் தரைத்தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மோட்டார் ஏற்றினால்தான் சோறு பொங்க முடியும். அந்த மோட்டாரின் சுவிட்ச் உரிமையாளர் வீட்டுக்குள் இருக்கிறது என்பதுதான் பல குடும்பங்களின் நிலை.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி: எத்தனை நாளில் தண்ணீரும் விளக்கும் திரும்பும்? இரண்டாவது: உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? மூன்றாவது: பஸ் கட்டணம், இழந்த நாள் கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு போகும்? நான்காவதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள்: அவர் கையில் இருக்கும் உங்கள் அட்வான்ஸ் என்னவாகும்?

இவற்றுக்கெல்லாம் முன்னால், இணைப்பு எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது என்று பாருங்கள். மீட்டர் பெட்டிக்குப் போய் மீட்டரின் சிறிய திரையைப் பாருங்கள். எண்கள் தெரிந்தால் வாரியத்தின் மின்சாரம் மீட்டர் வரை வருகிறது. அதற்குப் பிறகு யாரோ மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறார்கள் அல்லது ப்யூசைப் பிடுங்கியிருக்கிறார்கள். திரை இருண்டு கிடந்து, பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால், பில் கட்டாமல் வாரியமே துண்டித்திருக்கலாம் அல்லது மீட்டருக்கு முந்திய கம்பியில் கோளாறு இருக்கலாம். பில்லில் உள்ள மின் இணைப்பு எண்ணை வைத்து பாக்கி இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். தண்ணீருக்கும் இதே சோதனைதான். தரைத்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, உங்கள் பகுதிக்கு வரும் வால்வு மூடியிருக்கிறதா, குழாய் அறுக்கப்பட்டிருக்கிறதா? வால்வை மூடுவதும் குழாயை அறுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

பார்ப்பதோடு நிறுத்துங்கள். எதையும் தொட வேண்டாம். வாரியம் துண்டித்த இணைப்பை நீங்களே சேர்த்தால் மின்சாரச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்றவாளி நீங்கள் ஆவீர்கள். தேதியும் நேரமும் தெரிய படம் எடுத்து வைத்தால் போதும்.

## ஒன்று: காவல் நிலையம்

வேகத்தில் இதற்கு இணை இல்லை. 100 அல்லது 112-க்கு அழைக்கலாம், நேரில் எழுதிக் கொடுக்கலாம். காகிதம் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். அந்த முகவரி போட்ட ஆதாரும் வாடகை அனுப்பிய விவரமும் இருந்தால் போதும்.

"இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். அது பாதி உண்மை. யார் வீட்டில் இருப்பது, எப்போது காலி செய்வது என்பதைக் காவல் நிலையம் முடிவு செய்ய முடியாது. ஆனால் மிரட்டல் இருந்தால் அது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் வரும். மனிதர் குடிக்கும் தண்ணீரின் வரத்து குறையும்படி குழாயைச் சேதப்படுத்தினால் 326-ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை தண்டனைக்கு இடமிருக்கிறது. அதனால்தான் வால்வா, அறுத்த குழாயா என்பதை முதலிலேயே பார்க்கச் சொன்னேன். சுவிட்சை மட்டும் இறக்கியவர்மேல் வழக்குப் பதிவாகும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த ஓர் அழைப்பில் அன்று மாலையே மின்சாரம் திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதன் மறைமுகச் செலவு, அது நிலைக்காது என்பதுதான். மூன்றாம் நாள் "மோட்டார் ரிப்பேர்" என்பார்கள். இன்னொன்று, நிலையத்தில் சமாதானம் பேசும்போது "ஒரு வாரத்தில் காலி செய்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது உண்டு. வீட்டில் விளக்கு எரியவேண்டுமே என்ற தவிப்பில் போட்ட அந்தக் கையெழுத்து, பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். போட வேண்டாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பின்னால் எந்த வாசலுக்குப் போனாலும் அந்த ரசீதுதான் முதல் சாட்சி.

ஏற்ற நேரம்: குழந்தை, முதியவர், நோயாளி இருக்கும் வீடு, மிரட்டல், அறுத்த குழாய், இரவு நேரம்.

## இரண்டு: வாடகை அதிகாரி

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இந்தக் கொடுமைக்கென்றே ஒரு பிரிவை வைத்திருக்கிறது: 20-ஆம் பிரிவு. தக்க காரணமில்லாமல் அத்தியாவசிய வசதியை உரிமையாளர் தாமாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது. காலி செய்ய வைக்கத்தான் நிறுத்தினார் என்று தெரிந்தால், விசாரணை முடியும்வரை காத்திராமல், உடனே திரும்பக் கொடுக்கும்படி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் நியமிக்கிறார். உங்கள் பகுதிக்கு யார் என்பதை ஆட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். மனுவை நீங்களே எழுதிக் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

சொல்லக் கேட்டால் இதுதான் நேர்வழி போல இருக்கும். ஆனால் இந்த வாசலில் முதலில் கேட்கும் கேள்வி, "ஒப்பந்தம் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்பது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று நம் பக்கம் எல்லோரும் நம்புகிறோம். பழைய பழக்கம் அது. இந்தச் சட்டத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்கான இணையதளம் tenancy.tn.gov.in. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்த காகிதம் இங்கே தடுமாறும். வாய்மொழி ஏற்பாடு என்றால் இன்னும் சிரமம்.

இன்னொரு விஷயம். இது நகரப் பகுதிகளை மனத்தில் வைத்து வந்த சட்டம். உங்கள் வீடு நகராட்சியிலோ பேரூராட்சியிலோ இல்லாமல் கிராம ஊராட்சிக்குள் இருந்தால், மனு எழுதும் முன்பே அங்கே இது பொருந்துமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செலவு குறைவுதான். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைநகர் வந்து போக ஒரு நாள் முழுதும் போகும். வலை பின்னுபவருக்கும் கருவாட்டுக் களத்தில் நிற்பவருக்கும் அது ஒரு நாள் கூலி. அதிகாரி வேறு பணியில் வெளியே போயிருந்தால் மறுபடியும் வர வேண்டும்.

ஏற்ற நேரம்: பதிவு எண் உள்ள ஒப்பந்தம் கையில் இருக்கிறது, வாடகை பாக்கி இல்லை. அப்படியென்றால் வேறெங்கும் அலைய வேண்டாம், இங்கேயே தொடங்குங்கள். இந்தச் சட்டத்துக்குள் வரும் விஷயங்களை உரிமையியல் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளத் தடையும் இருக்கிறது.

## மூன்று: சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக நீதிமன்றம்

பதிவில்லாத ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, நடைமுறையில் மிஞ்சும் வழி முன்சீப் நீதிமன்றம். வழக்கோடு இடைக்காலத் தடை மனுவும் போட்டு, துண்டித்ததைத் திரும்பக் கொடுக்கவும் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றாதிருக்கவும் உத்தரவு கேட்கலாம். நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதைக் காட்ட கேஸ் புத்தகம், பள்ளிச் சான்று, வாடகை அனுப்பிய வங்கி விவரம் எல்லாம் இங்கே பேசும்.

தனியாக வழக்கறிஞர் வைத்தால் செலவு ஒரு மாத வாடகையைத் தாண்டிவிடும். ஆனால் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைய சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாள் மனு போதும்; 15100 என்ற எண்ணிலும் பேசலாம். எனவே மனுவை வீட்டுப் பெண்ணின் பெயரில் போடுங்கள் என்று வருபவர்களிடம் சொல்கிறேன். ஆணைக்குழுவினர் வழக்குக்கு முன்பே உரிமையாளருக்கு அழைப்பு அனுப்பி உட்காரவைத்துப் பேசுவார்கள். பாதிப் பிரச்சினை அந்த மேசையில் முடிந்துவிடுகிறது.

நாள் கணக்குதான் இதில் இடிக்கும். மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. சரியாகத் தடைக்காலத்தின் நடுவில். அவசர மனுவை விடுமுறைக் கால நீதிபதியிடம் கொண்டுபோக முடியும், ஆனால் அமர்வு நாட்கள் குறைவு. உரிமையாளர் முன்கூட்டியே கேவியட் மனு போட்டிருந்தால் அவர் தரப்பைக் கேட்காமல் உத்தரவு வராது.

ஏற்ற நேரம்: பதிவில்லாத ஒப்பந்தம், மறுபடி மறுபடி துண்டிக்கும் உரிமையாளர், திரும்ப வேண்டிய அட்வான்ஸ் பெரிய தொகை.

## நான்கு: மின்வாரியம்

வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மீட்டர் திரை இருண்டிருந்தால் மட்டும் இங்கே தொடங்குங்கள். பாக்கிதான் காரணம் என்றால் நீங்களே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளலாம். உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. வாடகையில் கழிப்பது தனிப் பேச்சு.

உங்கள் பெயரில் தனி இணைப்பும் கேட்கலாம். மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது, விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புதான். ஆனால் சம்மதக் கடிதம் இல்லாதவர் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் வைப்புத் தொகை கட்ட வேண்டும். ஒரே வீட்டில் இன்னொரு மீட்டர் என்றால் தனிப் பகுதியா என்று வந்து பார்ப்பார்கள். பல ஆண்டு இருக்கப்போகும் கடைக்காரருக்கு இது பொருந்தும். இரண்டு மாதத்தில் எப்படியும் வெளியேறப்போகும் குடும்பத்துக்கு இதில் பணம் போடுவது வீண். தண்ணீர்ப் பிரச்சினையும் அப்படியே நிற்கும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | காவல் நிலையம் | வாடகை அதிகாரி | சட்ட உதவியும் நீதிமன்றமும் | மின்வாரியம் |
|---|---|---|---|---|
| பலன் கிடைக்கும் வேகம் | அன்றே, சில மணி நேரத்தில் | இடைக்கால உத்தரவுக்குச் சில நாட்கள் | பேச்சு என்றால் ஒரு வாரம். உத்தரவு என்றால் அதற்கு மேல் | பாக்கி கட்டினால் விரைவில். புது இணைப்புக்கு வாரங்கள் |
| தேவைப்படும் காகிதம் | முகவரிச் சான்று | பதிவான ஒப்பந்தம் | குடியிருப்புக்கான எந்தச் சான்றும் | பில், குடியிருப்புச் சான்று |
| மறைமுகச் செலவு | நிலைக்காது. கையெழுத்துப் பொறி | பயண நாட்கள் | மே விடுமுறை, கேவியட் | கூடுதல் வைப்புத் தொகை |
| அட்வான்ஸ் பேச்சு | நடக்காது | தனியாகக் கேட்க வேண்டும் | நடக்கும் | தொடர்பில்லை |

## ஒரு குடும்பம் போன வழி

அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் இல்லாமல் சொல்கிறேன். கடலோரத்து ஊர் ஒன்றில் பின்கட்டு வீடு. வாடகை 6,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000, பதிவில்லாத பதினொரு மாத ஒப்பந்தம். கணவர் விசைப்படகில் போகிறவர். யாத்திரை வருபவர்களுக்கு அறைகளாக மாற்றப்போகிறேன் என்று உரிமையாளர் ஏப்ரல் கடைசியில் பத்து நாள் தவணை சொன்னார். மே வாடகை கொடுக்க முடியவில்லை. மே 9 இரவு மோட்டாரும் விளக்கும் ஒன்றாக நின்றன.

மறுநாள் காலை மின்னகத்தைத்தான் அழைத்தார்கள். வந்த ஊழியர் மீட்டரைப் பார்த்தார், எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "எங்கள் வேலை மீட்டர் வரைதான் அக்கா, மெயின் சுவிட்ச் அவர் பூட்டிய அறையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். மீட்டர் திரையை முன்பே பார்த்திருந்தால் அந்த அரை நாள் மிஞ்சியிருக்கும். மாலையில் காவல் நிலையம். உதவி ஆய்வாளர் தொலைபேசியில் பேசினார், ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. தண்ணீர் வரவில்லை. 12-ஆம் தேதி விளக்கும் மறுபடி நின்றது. இந்த நாட்களில் குடம் 10 ரூபாய் என்று தினமும் பத்துக் குடம் வாங்கினார்கள். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். பதினைந்தாம் தேதிவரை அறுபது கோடு, 600 ரூபாய். நான் எழுதிய எந்த வரியையும்விட அந்தப் பக்கம்தான் பிறகு மேசையில் பேசியது.

13-ஆம் தேதி சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினார்கள். ஒப்பந்தம் பதிவில்லாததால் வாடகை அதிகாரியிடம் போக வேண்டாம் என்றேன். 14-ஆம் தேதி சட்ட உதவி மனு கொடுத்தார். மறுநாள் அங்கிருந்து அழைப்புப் போனதும் தண்ணீரும் விளக்கும் அன்று மாலையே திரும்பின. 22-ஆம் தேதி இரு தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொண்டது இது: ஜூன் 30 அன்று காலி செய்வது, மே, ஜூன் வாடகை 12,000-ஐ அட்வான்ஸில் கழிப்பது, மீதி 28,000-ஐச் சாவி கொடுக்கும்போது கையில் தருவது, மின்கட்டணத்தை அன்றைய மீட்டர் எண்ணை இருவரும் பார்த்துக் கணக்கிடுவது. தடைக்காலம் முடிந்து கணவர் இரண்டு வாரம் கடலுக்குப் போய்வர அந்த ஜூன் 30 இடம் கொடுத்தது.

அவர்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவில்லையே என்று சிலர் கேட்டார்கள். பதிவில்லாத ஒப்பந்தமும் ஒரு மாத பாக்கியும் இருக்கும்போது நான் கேட்டதும் அதுவல்ல. ஏழு வாரமும் 28,000 ரூபாயும் கேட்டேன்.

## எந்த வழியானாலும் இரண்டு எச்சரிக்கைகள்

"தண்ணீர் தராதவருக்கு வாடகை எதற்கு" என்று நிறுத்திவிடாதீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் வாடகை பாக்கி என்பது உங்களை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தில் அவருக்குச் சட்டமே தரும் காரணம். முடிந்ததை அவர் வங்கிக் கணக்குக்கு மாதம் குறிப்பிட்டு அனுப்புங்கள். வாங்க மறுத்தால், மறுத்ததை எழுதி விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வையுங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதும் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

ஒத்திக்கு இருப்பவர்கள் மேலே சொன்ன கணக்கில் வரமாட்டார்கள். அங்கே லட்சக்கணக்கில் பணம் உரிமையாளரிடம் இருக்கிறது. தண்ணீரை நிறுத்துவதே அந்தப் பணத்தை முழுதாகத் தராமல் அனுப்புவதற்காக இருக்கலாம். பணம் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள், ஒத்திப் பத்திரத்தோடு நேரே வழக்கறிஞரைப் பாருங்கள்.

மனுவில் கதை வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு நான் எழுதியதன் நடுப்பகுதி இவ்வளவுதான்:

"மேற்படி வீட்டில் மாதம் ரூ.6,000 வாடகைக்கு என் குடும்பத்துடன் குடியிருந்து வருகிறேன். காலி செய்யச் சொன்ன உரிமையாளர், கடந்த 9-ஆம் தேதி இரவு 8 மணி முதல் குடிநீர் மோட்டாரை இயக்காமலும் மின்சாரத்தை மறுபடி மறுபடி துண்டித்தும் வருகிறார். மீட்டர்வரை மின்சாரம் வருவதைக் காட்டும் படமும், குடிநீர் விலைக்கு வாங்கிய கணக்கும், காவல் நிலைய ரசீதும் இணைத்துள்ளேன். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பதால், குடிநீரும் மின்சாரமும் உடனே திரும்பக் கிடைக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."